ஏரி நீர்மட்ட டேஷ்போர்டில் விடுபட்ட அளவீடுகள்: நீட்டிப்பதா, வெற்றாக விடுவதா?

ஏரி, அணைகளின் நீர்மட்டத்தையும் மழையளவையும் காட்டும் டேஷ்போர்டுகளைப் பார்ப்பவர்களும் அமைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பும் டெலிமெட்ரி நிலையத்தை மனத்தில் வைத்தே எல்லா விடைகளும் எழுதப்பட்டுள்ளன. கணக்குக்காக எடுத்துக்கொண்ட ஏரி கற்பனையானது.

அளவு வரவில்லை என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. சென்சார் தண்ணீருக்குள் ஒழுங்காக அளந்துகொண்டே இருக்கும். அளந்தது வந்து சேர்ந்திருக்காது. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் போயிருக்கும், அல்லது நான்கைந்து நாள் மேகமூட்டத்தில் சோலார் தகடு பேட்டரியை நிரப்பாமல் விட்டிருக்கும், அல்லது சிம் கார்டின் கட்டணம் முடிந்திருக்கும்.

இந்தக் காரணங்களில் முதல் இரண்டும் எப்போது நேர்கின்றன என்று பாருங்கள். புயல் மழை நாளில்தான் கோபுரம் விழுகிறது, அன்றுதான் பேட்டரியும் தீர்கிறது. நீர்மட்டம் மிக வேகமாக ஏறும் நேரமும் அதுவே. ஆண்டு முழுவதும் 98 விழுக்காடு அளவீடுகள் வந்துசேர்ந்தன என்று ஒரு நிலையம் பெருமையாகச் சொல்லலாம். வராமல் போன 2 விழுக்காடு எந்த நாட்களைச் சேர்ந்தது என்று கேட்காதவரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கீழே வரும் விடைகள் எல்லாம் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கின்றன.

முந்தைய அளவை நீட்டிப்பது என்றால் என்ன? வெற்றாக விடுவது என்றால் என்ன?

இரவு 10:00 மணிக்கு 21.40 அடி என்று அளவு வந்தது. 10:15-க்கும் 10:30-க்கும் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீட்டித்தால் அந்த இரண்டு கட்டங்களிலும் 21.40 என்றே எழுதப்படும், வரைபடத்தில் கோடு படுக்கையாக ஓடும். வெற்றாக விட்டால் கட்டங்கள் காலியாக இருக்கும், கோடு அந்த இடத்தில் அறுபட்டு நிற்கும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அளவு மீண்டும் வந்தபின், விட்ட இடத்தையும் வந்த இடத்தையும் சாய்கோட்டால் இணைப்பது. பழைய தரவை ஆராயும்போது இது பயன்படலாம். ஆனால் அடுத்த அளவு வந்தால்தான் இந்தக் கோட்டையே போட முடியும் என்பதால், நேரலையில் முடிவெடுக்க வேண்டியவருக்கு இதனால் பயனில்லை.

இவ்வளவு பெரிய ஏரியில் நீர்மட்டம் நிமிடத்துக்கு நிமிடமா மாறப்போகிறது? கடைசி அளவையே காட்டினால் என்ன கெட்டுவிடும்?

கோடையில் ஒன்றும் கெடாது. வெள்ளத்தில் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். முழு உயரம் 24 அடி உள்ள ஓர் ஏரி. மேல் மட்டத்தில் ஓர் அடி உயர 216 மில்லியன் கன அடி நீர் வேண்டும். இரவு 10:00 மணிக்கு மட்டம் 21.40 அடி, மதகுகள் மூடியிருக்கின்றன, விநாடிக்கு 10,000 கன அடி நீர் வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சிக்னல் போகிறது, அதிகாலை 4:00 மணிக்குத்தான் திரும்புகிறது. ஆறு மணி நேரம் என்பது 21,600 விநாடி. அதை 10,000-ஆல் பெருக்கினால் 216 மில்லியன் கன அடி. ஆகவே 4:00 மணிக்கு உண்மையான மட்டம் 22.40 அடி. நீட்டித்த டேஷ்போர்டோ இரவு முழுவதும் 21.40 என்று படுக்கைக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பொறுப்பாளர் "ஏரி ஏறவில்லை" என்று படித்திருப்பார். வெற்றிடத்தைப் பார்த்திருந்தால் "ஏரியின் நிலை தெரியவில்லை" என்று படித்து, கரைக்கு ஆள் அனுப்பி அளவுகோலைப் பார்க்கச் சொல்லியிருப்பார். இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே ஓர் அடித் தண்ணீர் இருக்கிறது.

இதோடு நிற்பதில்லை. பல இடங்களில் நீர்வரத்தைத் தனியாக அளப்பதில்லை. மட்டம் எவ்வளவு மாறியது என்பதிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறார்கள். மட்டத்தை நீட்டித்தால் மாற்றம் சுழியம், எனவே நீர்வரத்தும் சுழியம் என்று கணக்கு சொல்லும், அதுவும் 10,000 கன அடி வந்துகொண்டிருக்கும்போது. பிறகு 4:00 மணி அளவு வந்ததும், ஆறு மணி நேரத்து நீர் முழுவதும் கடைசி 15 நிமிடத்தில், அதாவது 900 விநாடியில் வந்ததாகக் கணக்கு போடும். விடை விநாடிக்கு 2,40,000 கன அடி! அதைப் பார்த்து யாரும் மதகைத் திறக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அன்றைய "உச்ச நீர்வரத்து" என்று ஆண்டறிக்கையில் ஏறிவிட்டால் அதை அங்கிருந்து அகற்றுவது பெரும்பாடு.

அப்படியானால் எப்போதுமே வெற்றாக விட்டுவிடலாமே?

வரைபடத்தின் கோட்டுக்குப் பெரும்பாலும் ஆம், அதுவே என் பரிந்துரை. திரையின் மேலே பெரிதாக நிற்கும் எண்ணுக்கு அப்படி முடியாது. நள்ளிரவில் தொலைபேசியில் பார்ப்பவருக்கு எண்ணின் இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் தெரிந்தால், கடைசியாகத் தெரிந்த மட்டம் 15 அடியா 23 அடியா என்பதுகூட இல்லாமல் போகிறது. 21.40 அடி என்பது பழைய செய்தியாக இருந்தாலும் செய்திதான். அது எத்தனை மணிச் செய்தி என்று சேர்த்துச் சொன்னால் அவர் தானே கணக்கிட்டுக்கொள்வார்.

எனவே எண்ணாகக் காட்டும்போது கடைசி அளவை நேரத்தோடு காட்டுங்கள். கோடாகக் காட்டும்போது சிறிது நேரம் மட்டும் நீட்டித்து, அதன்பின் அறுத்துவிடுங்கள்.

"சிறிது நேரம்" என்றால் எவ்வளவு?

இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்? மட்டம் அதிகபட்சம் என்ன வேகத்தில் மாறும்? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். மேலே சொன்ன ஏரியில் 0.05 அடிப் பிழை பரவாயில்லை என்று கொள்வோம். வெள்ளத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஓர் அடி ஏறுகிறது, அதாவது மணிக்கு சுமார் 0.17 அடி. வகுத்தால் 18 நிமிடம். அப்படியென்றால் ஒரே ஓர் அளவீடு விடுபட்டால் நீட்டிக்கலாம், இரண்டாவதும் வராவிட்டால் கோடு அறுபட வேண்டும்.

கோடையில் ஆவியாவதும் குடிநீருக்கு எடுப்பதும் சேர்ந்து நாளொன்றுக்கு 0.03 அடி இறங்குகிறது என்றால், அதே பிழைக்கு ஒன்றரை நாளுக்கும் மேல் நீட்டிக்கலாம். பருவத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாமா என்று உடனே கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் கோடை வரம்பை மாற்ற மறந்த நிலையில் முதல் புயல் வந்துவிடும் என்பதால் நான் வெள்ளக்கால வரம்பையே ஆண்டு முழுவதும் வைப்பேன். கோடையில் கோடு நாலு இடத்தில் அறுபட்டுத் தெரிவதால் யாருக்கும் இழப்பில்லை.

மழையளவுக்கும் இதே விதிதானா?

இல்லை. 15 நிமிட மழையளவை ஒரு நிமிடம்கூட நீட்டிக்கக் கூடாது. நீர்மட்டம் ஒரு நிலை. அந்தக் கணத்தில் ஏரி எங்கே நிற்கிறது என்று சொல்வது. மழையளவோ அந்தக் கால் மணி நேரத்துக்குள் பெய்த தொகை. கடைசியாக வந்தது 12 மி.மீ. என்றால், அதை அடுத்த எட்டுக் கட்டங்களுக்கு நீட்டித்தால் பெய்யாத மழை 96 மி.மீ. மொத்தத்தில் கூடிவிடும். வடிகால்களைப் பற்றி முடிவெடுப்பவர் அந்த மொத்தத்தை நம்பித்தான் முடிவெடுப்பார்.

இதற்கு அஞ்சி வெற்றிடத்தில் 0 என்று நிரப்புபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். 0 என்றால் மழைமானி அளந்து பார்த்தது, மழை இல்லை என்று பொருள். வெற்றிடம் என்றால் அளந்தது தெரியவில்லை என்று பொருள். காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரையிலான 24 மணி நேர மழையை வெளியிடும்போது, நடுவில் இரண்டு மணி நேரம் இல்லை என்றால், "குறைந்தது 74 மி.மீ.; 2 மணி நேர அளவீடு இல்லை" என்று எழுதுங்கள். பல நிலையங்களின் சராசரி என்றால் "12 நிலையங்களில் 10" என்பதும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை மணி நேர அளவீடு இருந்தால் சராசரியை வெளியிடலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொள்வதும் நல்லது. இந்தியாவின் காற்றுத் தரக் குறியீட்டில் 24 மணி நேர சராசரிக்குக் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும் என்ற விதி உண்டு. அப்படி ஒன்று.

எங்கள் மழைமானி கால் மணி மழையை அனுப்புவதில்லை, காலையிலிருந்து பெய்த மொத்தத்தை அனுப்புகிறது. அதை நீட்டிக்கலாமா?

மொத்தம் என்பது ஒரு நிலை. ஏறுமே தவிர இறங்காது. அதனால் நீட்டித்தால் "குறைந்தது இவ்வளவு" என்ற பொருளில் அது பொய்யாகாது. மறுநாள் காலை 8:30-க்கு எண் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். அந்த நேரத்தைத் தாண்டி மட்டும் நீட்டித்துவிடாதீர்கள், நேற்றைய மழை இன்றைய கணக்கில் ஏறிவிடும்.

சிக்கல் வருவது மொத்தத்திலிருந்து மழையின் வேகத்தைக் கணக்கிடும்போது. இரவு 10:00 மணிக்கு மொத்தம் 61.0 மி.மீ.; 12:00 மணிக்கு அடுத்த அளவு வருகிறது, 103.5. நடுவில் 61.0 என்று நீட்டித்திருந்தால், 42.5 மி.மீ. முழுவதும் 11:45-க்கும் 12:00-க்கும் இடையே கொட்டியதாகத் தெரியும். மணிக்கு 170 மி.மீ. என்ற கணக்கு வரும், மேகவெடிப்பு என்று செய்தி பறக்கும். உண்மையில் நமக்குத் தெரிந்தது இரண்டு மணி நேரத்தில் 42.5 மி.மீ., சராசரியாக மணிக்கு 21 மி.மீ.க்குச் சற்று மேல் என்பது மட்டுமே. ஏரியின் 2,40,000 கன அடி போன்ற அதே பிழைதான் இதுவும். இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே: வித்தியாசத்தை எப்போதும் உண்மையில் வந்த இரண்டு அளவீடுகளுக்கு நடுவே எடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட உண்மையான நேரத்தால் வகுக்க வேண்டும். நீட்டித்த எண் கணக்கீட்டுக்குள் நுழையவே கூடாது.

கிராஃபானாவில் வெற்றாக விடச் சொல்லித்தான் அமைத்திருக்கிறேன். ஆனாலும் பெரிய எண் மாறாமல் நிற்கிறதே?

வரைபடத்துக்கும் பெரிய எண்ணுக்கும் தனித்தனி அமைப்பு இருப்பதால்தான். `Stat` பேனலில் எந்த எண்ணைக் காட்டுவது என்ற இடத்தில் `Last *` என்று இருக்கும். அந்த நட்சத்திரக் குறிக்குப் பொருள், வெற்றானவற்றைத் தாண்டி இருக்கும் கடைசி அளவு. யாரும் எதையும் மாற்றாவிட்டால் இதுவே இயங்கும். ஆக, வரைபடம் வெற்றிடம் காட்டும்போதே அதன் பக்கத்தில் எண் நீட்டித்துக்கொண்டிருக்கும். ஒரே திரையில் இரண்டு விதிகள், இரண்டுக்கும் குறிப்பு இல்லை. `Last` என்று மாற்றினால் வெற்று வெற்றாகவே வரும். நான் மாற்றச் சொல்ல மாட்டேன்; கடைசி அளவின் நேரத்தைக் காட்டும் இன்னொரு பேனலை அதை ஒட்டியே வையுங்கள்.

வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. `Connect null values` என்பதை `Never` என்று வைத்தாலும் சிலருக்குக் கோடு அறுபடுவதில்லை. அது வெற்று மதிப்புகளை மட்டுமே கவனிக்கும். தரவுத்தளத்தில் அந்த நேரத்துக்கு வரிசையே இல்லை என்றால் வெற்று மதிப்பும் இல்லை, எனவே கோடு தாண்டிச் சென்று இணைந்துவிடும். வினவலிலேயே 15 நிமிடக் கட்டங்களை உண்டாக்க வேண்டும், அல்லது `Disconnect values` என்பதில் நேர வரம்பு கொடுக்க வேண்டும்.

23 அடியைத் தாண்டினால் குறுஞ்செய்தி வருமாறு அமைத்திருக்கிறோம். அது போதாதா?

நீட்டித்த அளவின்மேல் அந்த விதி ஓடினால் போதாது. 21.40 என்று உறைந்த எண் என்றைக்கும் 23-ஐத் தாண்டாது. ஏரி நிரம்பி வழிந்தாலும் குறுஞ்செய்தி வராது, வராததையே நல்ல செய்தி என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

எச்சரிக்கை விதி மூல அளவீட்டின்மேல் ஓட வேண்டும். அதோடு "30 நிமிடமாக அளவு வரவில்லை" என்பதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும். கிராஃபானாவின் எச்சரிக்கை அமைப்பில், தரவு வராதபோது என்ன செய்வது என்ற இடத்தில் `Keep Last State` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதுவும் நீட்டிப்புதான், இங்கே நீட்டிக்கப்படுவது "ஆபத்தில்லை" என்ற தீர்ப்பு. வெள்ளக் கண்காணிப்புக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எந்த முறை பயன்பட்டது என்பதை எங்கே, எப்படி எழுதுவது? கீழே ஓர் அடிக்குறிப்பு போதுமா?

அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. அதைவிட, டேஷ்போர்டின் ஒரு பகுதியை மட்டும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அடிக்குறிப்பு அதில் இருக்காது. சுட்டியை மேலே வைத்தால் தெரியும் விளக்கமும் படத்தில் வராது. ஆகவே குறிப்பு எண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். எண்ணுக்கு நான் எழுதும் வடிவம் இது:

21.40 அடி
இரவு 10:00 அளவீடு. அதன்பின் 3 மணி 15 நிமிடமாக அளவு வரவில்லை

"கடைசியாகப் புதுப்பித்தது 01:15" என்று மட்டும் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பக்கம் புதுப்பிக்கப்பட்ட நேரம். அளவு எடுத்த நேரம் என்றே பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் பெயர்சொல்லி எழுதுங்கள்.

வரைபடத்தில் அளந்ததை முழுக்கோடாகவும் நீட்டித்ததைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வரைபடத்துக்கு உள்ளேயே ஒரு வரி: "புள்ளிக்கோடு: முந்தைய அளவு, அதிகபட்சம் 15 நிமிடம். இடைவெளி: அளவு வரவில்லை."

இதை `pandas`-இல் எப்படிச் செய்வது? தரவைப் பதிவிறக்குபவருக்கும் தெரிய வேண்டுமே?

நீட்டித்த அளவைத் தனி நெடுவரிசையில் வையுங்கள், எது நீட்டித்தது என்பதற்கு இன்னொன்று வையுங்கள்.

```python
raw = df["level"].resample("15min").last()
shown = raw.ffill(limit=1)
out = raw.to_frame("level_raw")
out["level_shown"] = shown
out["carried"] = raw.isna() & shown.notna()
```

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். `limit` எண்ணுவது வரிசைகளை; நேரத்தை அதற்குத் தெரியாது. வராத அளவீட்டுக்கு வரிசையே இல்லாத அட்டவணையில் நிரப்புவதற்கு வெற்றிடமும் இருக்காது. சீரான 15 நிமிடக் கட்டங்களை உண்டாக்கியபின்தான் `limit=1` என்பது 15 நிமிடம் என்று பொருள்படும். பதிவிறக்கும் கோப்பில் மூன்று நெடுவரிசைகளையும் கொடுங்கள். திரையில் இருந்த புள்ளிக்கோடு கோப்போடு போகாது, `carried` போகும்.

அளவீடு பிறகு வந்து சேர்ந்தால்? நிலையத்துக் கருவி சேமித்து வைத்து அனுப்புகிறதே.

நல்ல கருவிகள் அப்படித்தான் செய்யும், சிக்னல் திரும்பியதும் விடுபட்ட 23 அளவீடுகளையும் ஒன்றாக அனுப்பும். நீட்டித்த எண்களை மூல அட்டவணையிலேயே எழுதி வைத்தவர்கள் அப்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்துக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது என்று தரவுத்தளம் உண்மையான அளவைத் தள்ளிவிடும், அல்லது இரண்டும் உட்கார்ந்திருக்கும். எனவே நிரப்புவது காட்டும் இடத்தில் நடக்கட்டும், சேமிக்கும் இடத்தில் வேண்டாம்.

தாமதமாக வந்த அளவுக்கு, அளந்த நேரத்தோடு வந்துசேர்ந்த நேரத்தையும் பதியுங்கள். வெள்ளம் வடிந்தபின் "அன்று இரவு 2 மணிக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். வந்துசேர்ந்த நேரம் இல்லாவிட்டால், 22.07 அடி என்று திரையில் அப்போதே தெரிந்தது போலத் தோன்றும். பணியில் இருந்தவருக்கு அது பெரும் அநீதி.

எங்களிடம் பல ஆண்டுத் தரவு இருக்கிறது, எதுவும் குறிக்கப்படவில்லை. எது நீட்டித்தது என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பகுதியை முடியும். திறந்த நீர்ப்பரப்பில் காற்றும் அலையும் இருப்பதால் உண்மையான அளவு நூறில் ஓரிரு பங்கு அடி ஆடிக்கொண்டே இருக்கும். பத்து, பன்னிரண்டு அளவீடுகள் கடைசி இலக்கம்வரை ஒரே எண்ணாக நின்று, அதன்பின் ஒரே தாவலில் வேறு மட்டத்துக்குப் போனால் அது நீட்டித்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து மழைமானியிலும் அதே நேரத்தில் எண்கள் உறைந்திருந்தால் ஐயம் உறுதிப்படும். ஒரே கோபுரத்தை நம்பியிருக்கும் நிலையங்கள் சேர்ந்தே மௌனமாகும்.

சிக்கிக்கொண்ட சென்சாரும் இதே போன்ற படுக்கைக் கோட்டைத் தரும் என்பதை மறந்துவிட வேண்டாம். வண்டல் மூடிய சென்சார் புதிய நேரத்தோடு பழைய அளவையே அனுப்பிக்கொண்டிருக்கும். கருவியின் பேட்டரி மின்னழுத்தம் தனியாகப் பதிவாகியிருந்தால் அதைப் பாருங்கள். மின்னழுத்தம் பகலில் ஏறி இரவில் இறங்கிக்கொண்டிருந்தால் கருவி பேசிக்கொண்டுதான் இருந்தது, சென்சார்தான் சிக்கியது. மின்னழுத்தமும் உறைந்திருந்தால் அது நீட்டிப்பு. இரண்டும் தெரியாத இடங்களை அழிக்காமல், "ஐயத்துக்குரியது" என்று நெடுவரிசையில் குறித்துவிட்டு, கரையில் அளவுகோலைப் பார்த்து எழுதிய காலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.